திங்கட்கிழமை ஆறு மணி ரெஃப்ரெஷ்

நான் செய்த தப்பை ஒரே வரியில் சொல்லிவிடலாம். முதல் வேலை முடிந்துவிட்டதா என்று பார்க்காமல், இரண்டாவது வேலையைக் காலை ஆறு மணிக்குக் கிளம்பச் சொல்லி வைத்தேன். அவ்வளவுதான். கேட்கிறவர்கள் "இதுக்குப் போயா இத்தனை வருஷமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருக்கே?" என்பார்கள். ஆமாம், இதற்குப் போய்த்தான்.

அப்போது நான் பெங்களூரில் ஒரு கால் சென்டரில் ரிப்போர்ட் தயாரிக்கிற எம்.ஐ.எஸ். டீமில் இருந்தேன். டீம் என்றால் நான், இன்னொரு பையன், ஒரு பிரிண்டர். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த எனக்கு, போனில் பேசுகிற வேலை கிடைக்கவில்லை. இன்டர்வியூவில் என் இங்கிலீஷைக் கேட்ட ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பேசாத வேலை கொடுங்கள் என்று கேட்டேன். பேசுகிறவர்களை எண்ணுகிற வேலையைக் கொடுத்தார்கள்.

எங்கள் கிளையன்ட் ஆஸ்திரேலியாவில் ஒரு போன் கம்பெனி. அங்கே காலை வேலை சூடுபிடிக்கிற நேரம் இங்கே விடிகாலை. ஐந்தரைக்கெல்லாம் ஹால் நிறைந்துவிடும். நாற்பது சொச்சம் பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, யாரோ ஒருத்தர் வீட்டு பில்லைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்கள். யார் எத்தனை கால் எடுத்தார்கள், அதில் எத்தனையைத் தீர்த்து வைத்தார்கள் என்பது ஒரு டாஷ்போர்டில் வரும். நூறு கால் எடுத்து எண்பதைத் தீர்த்தால் பச்சை. ஐம்பதைத் தீர்த்தால் சிவப்பு. சிவப்பில் இருப்பவர்களை டீம் லீடர் பார்க்கிற பார்வையே வேறு.

அந்த டாஷ்போர்டுக்கு எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்ததன் லட்சணம் புரியாது. தினமும் காலை நான்கு மணிக்கு கம்ப்யூட்டரில் ஒரு ஜாப் தானாகக் கிளம்பும். அதை நாங்கள் லோடு என்போம். முந்தின நாள் கால்களின் பட்டியலை முதலில் கொண்டுவந்து ஒரு டேபிளில், அதாவது அட்டவணையில், போடும். அதன் பிறகு, எந்த கால் தீர்ந்தது எது தீரவில்லை என்கிற விவரம் வேறொரு ஃபைலில் வரும். அதை ஆயிரம் ஆயிரம் வரியாகச் சேர்க்கும். அந்த ஃபைல் எம்ப்ளாயி நம்பர் வரிசையில் இருக்கும். பழைய ஆட்கள் முதலில், புது ஆட்கள் கடைசியில். லோடு முழுக்க முடிந்த பிறகு இரண்டாவது ஜாப் கிளம்பி, அந்த டேபிளைப் படித்து டாஷ்போர்டைப் புதுப்பிக்க வேண்டும். அது ரெஃப்ரெஷ்.

"முடிந்த பிறகு" என்று சொன்னேன் அல்லவா? அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் லோடை நான்கு மணிக்கும் ரெஃப்ரெஷை ஏழு மணிக்கும் வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒன்று இருப்பதே இன்னொன்றுக்குத் தெரியாது. நடுவில் மூன்று மணி நேரம் இருந்ததால் எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் எல்லா ஜாப்களும் இப்படித்தான் இருந்தன. "நடுவுல கேப் விட்டிருக்குல்ல?" என்று கேட்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு.

மேனேஜர் மல்லேஸ்வரத்துக்காரர். மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வெளியே கன்னடம், கோபம் வந்தால் இங்கிலீஷ். நல்ல மனுஷர்தான். காலையில் வரும்போது ஃபிளாஸ்கில் காபி கொண்டுவந்து எங்களுக்கும் அரை டம்ளர் ஊற்றுவார். ஒருநாள் என் மேஜை ஓரத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா, டீம் லீடர் மீட்டிங்க இனிமே ஆறரைக்கு வைக்கலாம்னு இருக்கேன். எட்டு மணிக்கு வச்சா பாதிப் பேர் கால்ல மாட்டிக்கிறாங்க. டாஷ்போர்டு ஏழுக்குத்தானே வருது? அத ஸ்வல்ப முன்னாடி தள்ள முடியுமா?"

"பார்க்கிறேன் சார்" என்றேன்.

பார்த்தேன். அதைத்தான் இப்போதும் சொல்கிறேன், பார்க்காமல் செய்யவில்லை. செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் லோடு எத்தனை மணிக்கு முடிகிறது என்று பார்த்தேன். நாலே முக்கால், நாலு ஐம்பது, நாலே முக்கால். ஆறு மணிக்கு வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கேப். தாராளம். ஏழை அழித்து ஆறு என்று போட்டேன். மேனேஜர் அன்று எனக்கு முழு டம்ளர் காபி கொடுத்தார்.

திங்கட்கிழமையைப் பார்க்கவில்லை. திங்கள் எனக்கு வார லீவு. திங்கட்கிழமைகளில் லோடு முந்தின நாளை மட்டும் கொண்டுவராது. வாரத்துக்குள் திருத்தங்கள் வந்திருக்கும் என்பதால், போன வாரம் முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும். ஏழு நாள் ஃபைல்களையும் ஒரே காலையில் பக்கம் பக்கமாக ஓட்டும்; சில சீக்கிரம் முடியும், சில இழுக்கும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். கேட்டிருந்தால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லியிருப்பேன். மாற்றுகிற நேரத்தில் மனதில் வரவில்லை. தெரிந்த விஷயம் மனதில் வராமல் போவதற்கு மன்னிப்பு உண்டா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று. தினசரி டாஷ்போர்டு மறுநாள் மாறிவிடும். திங்கட்கிழமை ரெஃப்ரெஷ் மட்டும் வாரப் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்துவிடும். யார் முதல், யார் கடைசி என்கிற அந்தப் பட்டியல் ஒருமுறை எழுதினால் எழுதினதுதான். அதற்குப் பிறகு லோடு முடிந்தாலும் அது திரும்பிப் பார்க்காது. ப்ரொபேஷனில் இருப்பவர்கள் தொடர்ந்து மூன்று வாரம் கடைசி ஐந்தில் வந்தால் வெளியே போகக் கதவைத் திறந்து விடுவார்கள்.

அக்கா ப்ரொபேஷனில் இருந்தார்.

அக்கா என்று நான்தான் கூப்பிட்டேன். மற்றவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இருபத்திரண்டு வயதுக் குழந்தைகள்கூட. அவருக்கு முப்பத்தேழு. பிரேசர் டவுனில் ஒரு சின்ன இங்கிலீஷ் ஸ்கூலில் பதினோரு வருஷம் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவர் வீடும் அங்கேதான். நான் பக்கத்தில் ஒரு பி.ஜி. விடுதியில் இருந்தேன். விடிகாலையில் கம்பெனி சுமோவில் முதலில் ஏறுவது நாங்கள் இரண்டு பேர். மற்றவர்கள் ஏறுகிற வரைக்கும் நிறையப் பேசுவோம். சர்ச் தெரு முனையில் சால்வையைக் கழுத்தோடு சுற்றிக்கொண்டு நின்றிருப்பார். டிரைவரிடம் கன்னடத்தில் ஒரு வார்த்தை, என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை, பையிலிருந்து எனக்கு ஒரு பன்.

ஸ்கூல் வேலையை விட்டுவிட்டு ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை மா. ஆபரேஷன் பண்ணணும். இங்க கன்ஃபார்ம் ஆனா அப்பா அம்மாவையும் இன்ஷூரன்ஸ்ல சேர்த்துக்கலாமாமே. ஸ்கூல்ல கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கு குடுப்பாங்க, அவ்வளவுதான்" என்று சிரித்தார். பிறகு சொன்னார், "வீட்ல எல்லாரும் சொன்னாங்க, இந்த வயசுல சின்னப் பசங்களோட போட்டி போட முடியுமான்னு. முடியும்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஸ்கூல்ல என் கிளாஸ வேற ஒருத்திக்குக் குடுத்துட்டாங்க. இனிமே திரும்பிப் போகவும் முடியாது."

அவர் வேலை செய்வதை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஒரு நிமிஷம் நின்று கேட்பேன். மெல்பர்னில் ஒரு கிழவர் கத்திக்கொண்டிருப்பார். அக்கா ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசுவதுபோல அவசரமில்லாமல் பேசுவார். கடைசியில் கிழவர் தன் நாய்க்குட்டியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார். அப்படி ஒரு வாய் எனக்கிருந்தால் நான் எங்கோ போயிருப்பேன்.

ஆறு மணிக்கு மாற்றியதற்குப் பிறகு வந்த முதல் வாரப் பட்டியலில் அக்கா கடைசியிலிருந்து மூன்றாவது. நான் செவ்வாய் அன்று வந்து பார்த்தேன். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? புது ஆள்தானே, இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. கடைசி ஐந்து பேரும் புது பேட்ச். யாருக்குமே சந்தேகம் வரவில்லை. புது ஆட்கள் கடைசியில் இருப்பது ஊர் உலகத்தில் எங்கும் நடப்பதுதானே?

இரண்டாவது வாரமும் அப்படியே. அந்தச் செவ்வாய்க்கிழமை சுமோவில் அக்கா பன் கொடுக்கவில்லை, மறந்துவிட்டார். பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஸ்கூல் நோட்டு, அட்டையில் ஏதோ ஒரு பிள்ளையின் பெயரை எழுதி அடித்திருந்தது. உள்ளே நாலு கோடு கிழித்து குறுக்கே ஒரு கோடு, நாலு கோடு கிழித்து குறுக்கே ஒரு கோடு. எடுத்த கால் ஒரு பக்கம், தீர்த்த கால் ஒரு பக்கம்.

"இது பாரு மா. தினம் சாயங்காலம் நானே எண்ணி வைக்கிறேன். மறுநாள் டாஷ்போர்டுல பார்த்தா என் எண்ணிக்கையும் அதுவும் ஒண்ணாத்தான் இருக்கு. செவ்வாய்லேருந்து சனி வரைக்கும் பச்சையாத்தான் இருக்கேன். வாரப் பட்டியல்ல மட்டும் எப்படி செவப்பாயிடுறேன்? தினமும் நல்லா இருந்தா வாரமும் நல்லாத்தானே இருக்கணும்?"

இந்தக் கேள்வியை ஒரு ஒன்றாம் வகுப்பு டீச்சர் கேட்டார். கம்ப்யூட்டர் படித்த எனக்கு, அதே ஜாப்பை என் கையால் நகர்த்தி வைத்த எனக்கு, அந்தக் கேள்வி உறைக்கவில்லை. அதைவிடக் கேவலம், கோபம் வந்தது. என் எண்ணைத் தப்பு என்கிறாரே என்று. காலையில் ஐந்து மணிக்கு யாராவது என் வேலையைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் வரும்.

"அக்கா, தினக் கணக்கு வேற, வாரக் கணக்கு வேற. வாரத்துல திருத்தம் எல்லாம் சேரும். நீங்க தீர்த்துட்டேன்னு நெனச்சிருப்பீங்க, அந்தாளு திரும்பக் கூப்பிட்டிருப்பான், அப்போ அது கழிஞ்சிடும்" என்றேன்.

இது முழுப் பொய்யும் இல்லை. அப்படிச் சில கால்கள் கழியும். வாரத்துக்கு இரண்டோ மூன்றோ. பாதிக்குப் பாதி கழியாது. நான் அதைச் சொல்லவில்லை. எனக்கே தோன்றவில்லை.

"ஓ" என்றார். நோட்டை மூடினார். "அப்போ நான் முடிச்சிட்டேன்னு நெனைக்கிறது முடியறதில்ல போல. இன்னும் தெளிவாப் பேசணும்."

அந்த வாரம் அக்கா மாறினார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். பத்து மணி பிரேக்குக்கு எழுந்திருக்கவில்லை. கத்துகிற கிழவர்களிடம் நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொரு காலின் முடிவிலும் "உங்கள் பிரச்சனை தீர்ந்ததா, நிச்சயமாகத் தீர்ந்ததா" என்று இரண்டு முறை கேட்டார். குரல் மெலிந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் என்னிடம் வந்து, "உங்க அக்கா பாத்ரூம்ல அழறாங்க" என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. போய் என்ன சொல்ல என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது திங்கள் எனக்கு லீவு இல்லை. புதன்கிழமை அத்தை மகள் வளைகாப்புக்கு ஊருக்குப் போக வேண்டியிருந்ததால், டீமில் இருந்த பையனிடம் லீவை மாற்றிக்கொண்டேன். இந்த வளைகாப்பு ஒரு வாரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று பிறகு எத்தனை தடவை நினைத்திருக்கிறேன். பிள்ளைப்பேற்றைக்கூட என் வசதிக்குத் தேதி மாற்றச் சொல்கிற அளவுக்குப் புத்தி போயிற்று.

அன்று சுமோவிலிருந்து இறங்கும்போது அக்கா, "இன்னிக்கு மூணாவது மா" என்றார்.

ஆறு மணி ஐந்து நிமிஷத்துக்கு என் திரையில் இரண்டு ஜாப்களும் ஓடிக்கொண்டிருந்தன.

முதலில் எனக்கு அது புரியவில்லை. லோடு பக்கத்தில் பச்சை வட்டம் சுற்றுகிறது. ரெஃப்ரெஷ் பக்கத்திலும் பச்சை வட்டம் சுற்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றுவதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. பத்து நிமிஷத்தில் ரெஃப்ரெஷ் முடிந்து, பட்டியலை எழுதிவிட்டு, சமர்த்தாக நின்றுவிட்டது. லோடு சுற்றிக்கொண்டே இருந்தது. பிரிண்டர் கரகரவென்று காகிதத்தைத் தள்ளியது. டீம் லீடர் ஒருவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்.

டேபிளைத் திறந்து பார்த்தேன். கால்கள் எல்லாருக்கும் முழுசாக வந்திருந்தன. தீர்ந்த விவரம் பழைய ஆட்களுக்கு முழுசாக இருந்தது. கீழே வர வரக் குறைந்தது. புது பேட்ச்சுக்கு ஏழு நாளில் மூன்று நாள், நான்கு நாள்தான் வந்திருந்தது. அக்கா ஒரு வாரத்து கால்களை எல்லாம் எடுத்திருக்கிறார், பாதி வாரத்துக்குத்தான் தீர்த்திருக்கிறார் என்று டேபிள் சொன்னது. அந்த நிமிஷத்தில் அது பொய்யும் இல்லை. அது இன்னும் பேசி முடிக்கவில்லை, அவ்வளவுதான். பேசி முடிப்பதற்குள் எழுதிக்கொள் என்று சொன்னது நான்.

லோடு ஆறு ஐம்பதுக்கு முடிந்தது. பழைய ஏழு மணியையே விட்டு வைத்திருந்தால்கூடப் பத்து நிமிஷம் மிச்சம் இருந்திருக்கும். ரெஃப்ரெஷைக் கையால் திரும்ப ஓட்டினேன், பட்டியலை வேறொரு இடத்தில் எழுதச் சொல்லி. அக்கா நாற்பத்திரண்டு பேரில் ஆறாவது. முந்தின இரண்டு வாரத்தையும் அதேபோல ஓட்டினேன். ஒன்பதாவது. ஐந்தாவது. மூன்று பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்கு ஓடினேன்.

அவர் ஃபிளாஸ்க்கைத் திறந்துகொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மூடி கையிலேயே இருந்தது. மூன்று காகிதத்தையும் வரிசையாக வைத்துப் பார்த்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. இரண்டாவது நிமிஷத்திலேயே புரிந்துவிட்டது.

"யாரு இத ஆறுக்கு மாத்தினது?" என்றார்.

"நான்தான் சார்."

"நான் சொல்லித்தான் மாத்தினே." ஃபிளாஸ்க்கைத் திருகி மூடினார். "இந்தப் பட்டியல் எங்கெல்லாம் போகுது தெரியுமா?"

"ஹெச்.ஆருக்கு."

"ஹெச்.ஆருக்கு மட்டும் இல்லம்மா. கிளையன்ட்டுக்கும் போகுது. மூணு வாரமா தப்பான ரிப்போர்ட்டு அனுப்பிட்டோம்னு நாம எழுதிக் குடுத்தா, அவன் இந்த மூணு வாரத்த மட்டும் பார்க்க மாட்டான். போன வருஷத்தத் தோண்டுவான். அடுத்த மாசம் கான்ட்ராக்ட்டு புதுப்பிக்கணும். நாப்பது பேருக்கு வேலை இருக்கு இங்க."

"மூணு வாரமும் கடைசி அஞ்சுல வந்த நாலு பேர அனுப்பப் போறாங்க சார். அவங்க ஒரு தப்பும் செய்யல."

"தெரியுது."

"பத்து மணிக்கு லெட்டர் குடுப்பாங்க. இப்போ ஒரு போன் பண்ணினா போதும்."

அவர் போனைப் பார்த்தார். நிஜமாகவே கையை நீட்டினார், பொய் சொல்ல மாட்டேன். ரிசீவரைத் தொட்டார். பிறகு கையை எடுத்துவிட்டார். "என்ன காரணம் சொல்றது? ஒருத்தருக்கு நிறுத்தினா ஏன்னு கேப்பாங்க. சும்னே நிறுத்த முடியுமா?" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீ மொதல்ல ஜாப்பை சரி பண்ணு. இனிமே இது நடக்கக் கூடாது. பழசத் தொடாதே. இந்தக் காகிதம் எல்லாம் என்கிட்டயே இருக்கட்டும்."

நான் அங்கேயே கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கோபம் வரும், ஊரில் எல்லாருக்கும் தெரியும். பஸ்ஸில் சில்லறை தராத கண்டக்டரை டிப்போ வரை துரத்திச் சண்டை போட்டிருக்கிறேன். அன்று காலை அந்தக் கோபம் எங்கே போய்த் தொலைந்தது? அவர் "யாரு மாத்தினது" என்று கேட்டதும் அது போய்விட்டது என்று நினைக்கிறேன். கிளையன்ட் தோண்டினால் முதலில் கிடைப்பது என் பெயர். ஜாப்பின் கடைசி மாற்றம் என் லாகினில் இருந்தது. "சரி சார்" என்றேன். மேஜையில் கிடந்த மூன்று காகிதத்தில் இரண்டைத்தான் அவரிடம் விட்டுவைத்தேன். கடைசி வாரத்தின் சரியான பட்டியலை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டேன். ஏன் வைத்துக்கொண்டேன் என்றால், தைரியம் வரும் என்று நினைத்தேன்.

என் இடத்துக்கு வந்து ஜாப்பைச் சரி செய்தேன். ஆறு மணி என்பதை எடுத்துவிட்டேன். லோடு முழுசாக முடிந்து, பிழையில்லாமல் முடிந்தது என்று அன்றைய தேதியோடு ஒரு வரி எழுதினால்தான் ரெஃப்ரெஷ் கிளம்ப வேண்டும். அந்த வரி வரவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரமானாலும் பாதி டேபிளைத் தொடக் கூடாது. ஆறரை மீட்டிங்குக்குள் வராவிட்டால், கடைசியாக முழுசாக வந்த நாளின் டாஷ்போர்டே நிற்க வேண்டும், எந்தத் தேதி வரைக்கும் என்று மேலே பெரிசாக எழுதி. இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். லோடை வேண்டுமென்றே நடுவில் நிறுத்திப் பார்த்தேன். ரெஃப்ரெஷ் அசையவில்லை. ஒழுங்காகக் காத்துக்கொண்டு நின்றது.

எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம் ஆனது. நாற்பது நிமிஷ வேலை. மூன்று வாரம் முன்னால், அந்த முழு டம்ளர் காபியைக் குடித்துக்கொண்டே செய்திருக்கலாம்.

பத்து மணிக்கு அக்காவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார்கள். ஹெட்போனைக் கழற்றி, ஒயரைச் சுருட்டி, அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே ஹெச்.ஆர். பெண் பேசிக்கொண்டே இருந்தாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். ஒருமுறை நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்தப் பெண் அதைத் திறக்காமல் மெதுவாகத் திரும்ப நகர்த்தி வைத்தாள். நான் பிரிண்டர் பக்கத்தில் நின்று, காகிதக் கட்டைப் பிரித்து அடுக்குவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழை அந்தக் கட்டிடத்தில் அன்று வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

அன்று மதியமே ஒரு மெயில் எழுதினேன். ஹெட் ஆபீஸ் ஹெச்.ஆருக்கு. நடந்ததை எல்லாம் எழுதினேன், என் பெயரையும் எழுதினேன். அனுப்பவில்லை. மறுநாள் அனுப்பலாம் என்று வைத்தேன். புதன்கிழமை வளைகாப்புக்குப் போனேன். எல்லாரும் என் கையைப் பிடித்து, பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறாளாம் என்றார்கள். வளையலை எடுத்து அடுக்கும்போது இரண்டு உடைந்தன. வியாழக்கிழமை திரும்பி வந்து மெயிலைத் திறந்தேன். அப்போதும் அனுப்பவில்லை.

விடிகாலை சுமோவில் இப்போது மற்றவர்கள் ஏறும் வரை நான் மட்டும்தான். சர்ச் தெரு முனை வந்ததும் டிரைவர் பழக்கத்தில் வேகத்தைக் குறைப்பார், பிறகு போய்விடுவார். பி.ஜி.யிலிருந்து அக்கா வீடு பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. மாலையில் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன், சுற்றிக்கொண்டு போனேன். வழியில் அவர் அப்பாவைப் பார்த்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சுவரைத் தொட்டுத் தொட்டு நடப்பார் என்று அக்கா சொல்லியிருக்கிறார்.

அடுத்த திங்கள் டாஷ்போர்டு ஏழு மணிக்கு வந்தது. மீட்டிங்கில் பழைய தேதியைப் பார்த்து ஒரு டீம் லீடர் முணுமுணுத்தார். மேனேஜர், "பரவாயில்ல, லேட்டானாலும் சரியா வரட்டும்" என்றார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். எனக்கு அவர்மேல் வெறுப்பு வந்தது. அதே மூச்சில் என்மேலும் வந்தது. கடைசி ஐந்தில் அன்று பழைய ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். புது ஆட்களில் மிச்சம் இருந்தவர்கள் நடுவில் இருந்தார்கள். யாரும் அதை ஒரு அதிசயமாகப் பார்க்கவில்லை.

அந்த வாரம்தான் அக்கா ரிலீவிங் லெட்டர் வாங்க வந்தார். வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறார், என்னைப் பார்க்க வேண்டுமாம் என்று செக்யூரிட்டி போன் செய்தார். வர முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். கால் தானாகப் போனது.

அதே சால்வை. பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துக் கொடுத்தார், பன். "ரெண்டு வாரமா குடுக்கல, மறந்துட்டேன்" என்றார். என் கண்ணைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்பாவுக்கு?" என்றேன்.

"பெரிய ஆஸ்பத்திரியில பேர் எழுதி வச்சிருக்கோம். கூப்பிடுவாங்களாம். எப்பன்னு தெரியல." சால்வையைச் சரி செய்துகொண்டார். "நான் வந்தது வேற விஷயம் மா. ஒயிட்ஃபீல்டுல இன்னொரு கால் சென்டர்ல கூப்பிட்டிருக்காங்க. போலாமா வேணாமான்னு யோசிக்கிறேன். நீதான் நம்பர் எல்லாம் பார்க்கிறவ. எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லேன். நான் கோச்சுக்க மாட்டேன். நிஜமா இதுக்கு லாயக்கு இல்லன்னா அதையும் சொல்லிடு. திரும்ப ஒரு தடவை எல்லார் முன்னாடியும் தோத்துட்டு வர எனக்குத் தெம்பு இல்ல."

அந்தக் காகிதம் என் கைப்பையில் இருந்தது. பத்து நாளாக மடித்த மடிப்பிலேயே இருந்தது. அக்கா ஆறாவது. எடுத்துக் கொடுத்தால் போதும், ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மேனேஜர் யாருடனோ பேசிக்கொண்டு நடந்து போனார்.

"நல்லாத்தான் பேசினீங்க அக்கா" என்றேன். "கொஞ்சம் வேகம் பத்தல, அவ்வளவுதான்."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

"நானும் அப்படித்தான் நெனச்சேன் மா" என்றார். "வயசாயிடுச்சில்ல. நீயாவது உண்மையச் சொன்னியே." என் தோளைத் தட்டிவிட்டு, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். அவர் ஒயிட்ஃபீல்டு வேலைக்குப் போகவில்லை என்று பிறகு டிரைவர் சொன்னார்.